ஒரே மலை, பல பெயர்கள்: சிவனொளிபாதமலை நிகழ்வு ஆய்வும் நடுநிலைப் பள்ளித் திட்டத் தாளும்

"பல்வேறு சமயங்களில் புனிதப் பயணம்" என்று 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான தாள்தான் திரும்பி வரும். இந்துக்களுக்குக் காசி, முஸ்லிம்களுக்கு மக்கா, கிறித்தவர்களுக்கு எருசலேம், பௌத்தர்களுக்குப் புத்தகயா. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஐந்து வரி. அதில் ஒப்பீடு எதுவும் நடந்திருக்காது. இடமும் தட்பவெப்பமும் வழியும் காலமும் எல்லாமே வேறாக இருக்கும்போது, எந்த வேறுபாடு சமயத்தால் வந்தது, எது நிலத்தால் வந்தது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இடத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, அங்கே வருகிறவர்களின் மரபை மட்டும் மாற்றிப் பார்க்கும் ஒரு நிகழ்வை இந்த ஆய்வுக்கு எடுத்திருக்கிறோம்.

அந்த இடம் இலங்கையின் மத்திய மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிகரம். தமிழில் சிவனொளிபாதமலை. சிங்களத்தில் ஸ்ரீ பாத, சமனல கந்த. தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. ஆங்கிலத்தில் ஆதமின் சிகரம். உச்சியில் ஒரு பாறை, அதில் சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளம். அது புத்தரின் பாதம் என்று பௌத்தர்களும், சிவனின் பாதம் என்று சைவர்களும், சுவனத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம் என்று முஸ்லிம்களும் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் அது புனித தோமையாரின் பாதம் என்றும் எழுதப்பட்டது.

வழியில் என்ன நடக்கிறது

கதையை ஒதுக்கிவிட்டுக் கால் நடக்கும் பாதையிலிருந்து தொடங்குவதே நல்லது. பல வழிகள் உண்டு. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தல வழியாகவும், குருவிட்டைப் பக்கம் எரத்ன வழியாகவும் ஏறும் பழைய பாதைகள் நீளமானவை, கடினமானவை. இன்று பெரும்பாலானோர் ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வந்து ஏறுகிறார்கள். ஊரின் பெயரே தமிழ். சுற்றியுள்ளவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

பயணப் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. தொடக்கத்தில் பெல்மதுளையிலுள்ள கல்பொத்தாவல விகாரையிலிருந்து மலையின் காவல் தெய்வமான சமன் தேவரின் சிலை ஊர்வலமாக உச்சிக்குக் கொண்டுபோகப்படும். முடிவில் கீழே இறங்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். அதன்பின் உச்சியில் காற்றும் மழையும் மூடுபனியுமாக இருக்கும். வழிநெடுக எரிந்த விளக்குகளும் அணைந்துவிடும், தேநீர்க் கடைகளும் மூடப்படும். சமய நாட்காட்டியும் மழை நாட்காட்டியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். இலங்கை வரைபடமும் மாதவாரி மழை அட்டவணையும் கையில் இருந்தால் ஒரு பாடவேளையில் கண்டுபிடித்துவிடலாம்.

சூரிய உதயத்தை உச்சியில் காண வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டி, இரண்டு மணி வாக்கில் ஏறத் தொடங்குவது வழக்கம். சாதாரண நாளில் மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். போயா இரவிலும் வார இறுதியிலும் மேல்படிகளில் வரிசை அசையாமல் நின்றுவிடும், நேரம் இரட்டிப்பாகலாம். தோரணமும் ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெண்ணிறச் சமாதானத் தூபியும் கடந்த பிறகு சீதகங்குல என்ற ஓடை வரும். அங்கே முகம் கை கால் கழுவுவார்கள், சிலர் குளிப்பார்கள். தமிழ்க் காதுக்கு அது சீதையின் பெயர் போல ஒலிக்கும். சிங்களத்தில் "சீத" என்றால் குளிர்ந்தது என்று பொருள். ஒரே சொல்லை இரண்டு மொழிக்காரர்கள் இரண்டு விதமாகக் கேட்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இதைப் பிழை என்று எழுதாமல், "யார் எப்படிக் கேட்கிறார்கள்" என்று எழுத வைக்க வேண்டும்.

அடுத்து இந்திக்கட்டுபான. புத்தர் தம் துவராடை கிழிந்ததைத் தைக்க இங்கே நின்றார் என்பது பௌத்தர்களின் மரபு. அதனால் ஏறுகிறவர்கள் ஊசியில் நூல் கோத்து, நூலை வழியோரம் விரித்துக்கொண்டே போவார்கள். பருவ காலத்தில் அந்தப் பகுதியின் கைப்பிடிகளிலும் செடிகளிலும் வெள்ளை நூல் சிக்கிச் சிக்கித் தொங்கும். அதற்கு மேல் படிகள் செங்குத்தாகும். உச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வணங்குவார்கள். பிறகு மணி. எத்தனையாவது முறை ஏறியிருக்கிறார்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். ஒருவர் ஒரு தடவை அடித்து நகர்வார். அடுத்த முதியவர் இருபது தடவை அடிக்கும்வரை பின்னால் இருப்பவர்கள் பொறுமையாக நிற்பார்கள். மணியை அடிப்பவர் எந்தச் சமயம் என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய வாழ்க்கையில் இந்த மலை எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் மலையின் நிழல் மூடுபனிமேல் துல்லியமான முக்கோணமாக விழும். இதைப் புனித அடையாளமாகக் கருதுகிறவர்கள் உண்டு. மலை எந்த வடிவத்தில் இருந்தாலும், மிக நீண்ட நிழலை அதன் உச்சியிலிருந்து பார்த்தால் தொலைவில் ஒடுங்கி முக்கோணமாகவே தெரியும் என்பது பார்வைக் கோணத்தின் விளைவு. இரண்டையும் தாளில் எழுதலாம். ஒன்றை எழுதியதற்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

கதைகள் எங்கிருந்து வருகின்றன

பௌத்த மரபுக்கு எழுத்துச் சான்று மகாவம்சம். புத்தர் மூன்றாவது முறை இலங்கை வந்தபோது சுமனகூடம் என்று பாளியில் அழைக்கப்படும் இந்த மலைமேல் தம் பாதச்சுவட்டைப் பதித்தார் என்று அது சொல்கிறது. இஸ்லாமிய மரபில் ஆதம் இறங்கிய இடம் செரந்தீப், அதாவது இலங்கை என்ற செய்தி அரபுப் பயணிகளின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இஸ்லாமிய மரபையும் இந்து மரபையும் ஒரே சம்பவத்தில் இணைத்துக் காட்டும் பயணக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதை மாணவர்களுக்கு மையச் சான்றாகக் கொடுக்கப் பரிந்துரைக்கிறோம்.

1344-இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளம் பக்கம் கரையிறங்கினார். அப்போது அந்தப் பகுதி யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. ஆதமின் பாதத்தைக் காண்பதே தமக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். மன்னர் பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும் தந்தார். ஆண்டுதோறும் அந்தப் பாதத்தைத் தரிசிக்கப் போகும் யோகிகள் நான்கு பேர், பிராமணர்கள் மூன்று பேர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று உடன் அனுப்பினார். தமிழ் மன்னர் ஒருவரின் ஆதரவில், இந்துத் துறவிகளை வழித்துணையாகக் கொண்டு, ஒரு முஸ்லிம் மலையேறியிருக்கிறார். உச்சிக்கு இரண்டு வழிகள், ஒன்று பாபா வழி, மற்றொன்று மாமா வழி என்கிறார் அவர். பாபா வழி ஆதமுடையது, கடினமானது. மாமா வழி ஏவாளுடையது, எளிது. செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும், பாதச்சுவட்டின் பாறையில் வெட்டிய குழிகளில் பிற சமயத்தார் பொன்னும் மாணிக்கமும் முத்தும் வைப்பதையும் குறித்திருக்கிறார்.

இந்தக் குறிப்பில் அவர் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று மாணவர்கள் இரண்டு நிறத்தில் அடிக்கோடிட வேண்டும். சங்கிலியும் குழிகளும் கண்டவை. வழிகளின் பெயர்க்காரணம் கேட்டது. வகுப்பில் சரியாகத் தடுமாறும் இடம் "ஆண்டுதோறும் போகும் யோகிகள்". அது கண்டதா, கேட்டதா என்று வாதம் எழும். எழட்டும்.

சைவ மரபுக்கும் வரலாற்றுச் சுவடு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் ராஜசிங்கன் சைவனாகி, மலையின் பொறுப்பைச் சைவத் துறவிகளிடம் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான். இன்றும் நிர்வாகம் பௌத்தத் தலைமைப் பிக்குவிடம் இருக்கிறது. எனவே "எல்லாருக்கும் பொதுவான மலை" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. எல்லாரும் ஏறலாம், ஆனால் சாவி ஒருவரிடம் இருக்கும். யார் கையில் சாவி என்ற கேள்வி இல்லாத புனிதப் பயண ஆய்வு பாதி ஆய்வுதான். பெயர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மலையை எந்தப் பெயரால் அழைப்பது என்பது இலங்கையில் உணர்வுபூர்வமான விஷயம். தாளின் முதல் வரியில் எல்லாப் பெயர்களையும் எழுதிவிட்டு, பிறகு "மலை" என்று மட்டும் எழுதச் சொல்வது நல்ல வழி.

பயணிக்குச் சோறு போடுவது யார் என்பதும் ஒரு கேள்வி. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன், மலைக்குப் போகிறவர்கள் படும் சிரமத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்க கிலிமலை முதலிய ஊர்களை மானியமாக விட்டான். அன்று ஊர் மானியம் செய்த வேலையை இன்று வழியோரத் தேநீர்க் கடையும் அன்னதானமும் செய்கின்றன.

ஓர் எண்ணைச் சோதித்துப் பார்த்தல்

நல்லதண்ணி வழியில் எத்தனை படிகள்? ஓரிடத்தில் 5,200 என்றும் வேறிடத்தில் 5,500 என்றும் இருக்கும். மாணவர்கள் வழக்கமாக முதலில் கண்ட எண்ணை எழுதிவிடுவார்கள். இங்கே கணக்குப் பாடத்தை உள்ளே இழுக்கலாம். நல்லதண்ணி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 2,243. ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அதை 5,500-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 18 சென்டிமீட்டர். பள்ளி மாடிப்படியை அளவுகோலால் அளந்தால் 15 முதல் 18-க்குள் இருக்கும். ஆக எண் நம்பத்தக்கதே. ஆனால் கீழ்ப்பகுதியில் படியே இல்லாத சாய்வுப் பாதையும் உண்டு. அந்த உயரத்தைக் கழித்தால் ஒரு படியின் சராசரி உயரம் குறையும். தேய்ந்த படி, இரண்டாக உடைந்த படி, நிலைப்பாறையில் வெட்டிய படி ஆகியவற்றை எண்ணுகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கில் எடுப்பார். எண்கள் மாறுவது அதனால்தான். "சுமார் 5,200 முதல் 5,500 வரை, எண்ணும் முறையைப் பொறுத்தது" என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண்.

திட்டத் தாள்

நான்கு பேர் கொண்ட குழு, 40 நிமிடப் பாடவேளைகள் பத்து, மொத்தம் 50 மதிப்பெண் என்ற அளவில் இது அமைந்திருக்கிறது. சமயத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். பிரித்தால் ஒவ்வொருவரும் தனித்தனிக் கட்டுரை எழுதிக்கொண்டு வருவார்கள். வழி, காலம், செயல், நிர்வாகம் என்று பொருளால் பிரித்தால், ஒவ்வொரு மாணவரும் எல்லா மரபையும் தொட்டே ஆக வேண்டியிருக்கும்.

திட்டத் தாள்: குழு நிரப்ப வேண்டியது

1. இடமும் அதன் எல்லாப் பெயர்களும். ஒவ்வொரு பெயரும் யார் வாயில் வழங்குகிறது?
2. ஆய்வுக் கேள்வி, ஒரே ஒரு வாக்கியம். (மாதிரி: ஒரே மலையில் ஏறும் வெவ்வேறு மரபினரின் செயல்களில் எவை ஒன்றாக இருக்கின்றன, எவை வேறாக இருக்கின்றன?)
3. வழிப்பட்டை: ஒரு மீட்டர் நீளத் தாள். கீழ் முனையில் தொடக்கம், மேல் முனையில் உச்சி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடல் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதுக. (பாடவேளை 1 முதல் 3)
4. காலச் சக்கரம்: பன்னிரண்டு மாதம். உள்வட்டத்தில் மழை, வெளிவட்டத்தில் பயணப் பருவம். (பாடவேளை 4)
5. சொல்வோர் கட்டம்: "யார் சொல்கிறார்கள், எதில் சொல்லியிருக்கிறது, எக்காலத்தில்" என்று மூன்று பத்தி. (பாடவேளை 5, 6)
6. நேர்காணல் இரண்டு, தலா ஆறு கேள்வி. (வீட்டு வேலை; பாடவேளை 7-இல் தொகுப்பு)
7. ஓர் எண்ணைச் சோதித்த கணக்கு. (பாடவேளை 8)
8. நிர்வாகம்: சாவி யாரிடம், உணவும் விளக்கும் குப்பையும் யார் பொறுப்பு? (பாடவேளை 9)
9. விடை, 150 சொல்லுக்குள். விடை கிடைக்காத ஒரு கேள்வியும் எழுதப்பட வேண்டும். (பாடவேளை 10)

மதிப்பெண்: வழிப்பட்டை 10, சொல்வோர் கட்டம் 15, நேர்காணல் 10, கணக்கு 5, விடை 10.

சொல்வோர் கட்டத்துக்கு அதிக மதிப்பெண் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் திட்டம் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். "மலைமேல் புத்தரின் பாதம் இருக்கிறது" என்று ஒரு குழந்தை எழுதும். பக்கத்துக் குழந்தை "அது சிவனின் பாதம்" என்று அடித்துத் திருத்தும். வகுப்பு சண்டைக்குப் போகும். பாதத்தைப் பற்றிய எந்த வாக்கியமும் சொல்கிறவர் பெயரில்லாமல் தொடங்கக் கூடாது என்று முதல் நாளே விதி வைத்துவிட்டால் இது நடக்காது. "மகாவம்சம் சொல்கிறது", "தோட்டத்துச் சைவக் குடும்பம் ஒன்று சொல்கிறது", "இப்னு பதூதா எழுதுகிறார்". இந்த விதி நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவதையும் தடுக்கிறது. "மூடநம்பிக்கையின்படி" என்று தொடங்கும் வாக்கியத்துக்கும் சொல்கிறவர் பெயர் வேண்டும், அது கிடைக்காது.

இரண்டாவது சறுக்கல், கட்டங்களைச் சமமாக நிரப்பும் ஆசை. தோமையார் பாதம் என்ற கருத்து போர்த்துக்கீசியர் எழுத்துகளில் உண்டு. ஆனால் பௌத்தர்களைப் போலக் கிறித்தவர்கள் திரளாக அந்த மலைக்கு யாத்திரை போகும் வழக்கம் இல்லை. எனவே கிறித்தவச் செயல் என்ற கட்டம் ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் அதில் வேளாங்கண்ணியைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, ஏன் காலி என்று ஒரு வரி எழுதியவருக்கே மதிப்பெண் கொடுங்கள்.

நேர்காணலில் "உங்கள் நம்பிக்கை என்ன?" என்று கேட்டால் பாடப்புத்தகம் பதிலாக வரும். "புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் என்ன சமைத்தார்கள்?", "பையில் என்ன எடுத்துப் போனீர்கள், எது பயன்படவில்லை?", "வழியில் யார் யாரிடம் பேசினீர்கள்?", "மணியை எத்தனை தடவை அடித்தீர்கள்?" என்று கேட்டால் வாழ்க்கை பதிலாக வரும். பெயர் எழுத வேண்டாம், வயதும் ஊரும் போதும். பதிவு செய்யும் முன் அனுமதி கேட்க வேண்டும். மலைக்குப் போனவர் எவரும் கிடைக்காத தமிழ்நாட்டு வகுப்புகள் நேர்காணலை மட்டும் நாகூர் தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ போனவர்களிடம் எடுக்கலாம். இரண்டுக்கும் பல சமயத்தார் போகிறார்கள். இலங்கை வகுப்புகளுக்குக் கதிர்காமம் இருக்கிறது. அங்கே முருகன் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில் அமைந்திருக்கின்றன.

இன்னொன்று: உதயம் பார்க்க மட்டும் ஏறுகிற சுற்றுலாப் பயணியை எங்கே வைப்பது? மாணவர்கள் உடனே "அவர் யாத்திரிகர் இல்லை" என்பார்கள். அவரும் அதே இரவில், அதே படியில், அதே குளிரில்தான் ஏறுகிறார், சில வேளை மணியும் அடிக்கிறார். வழிப்பட்டையில் அவர் செயல்களையும் ஒரு நிறத்தில் குறித்துவிட்டு, எந்த நிறுத்தத்தில் அவர் கோடு மற்றவர்களின் கோட்டை விட்டுப் பிரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது மலையில் வைத்துப் பார்த்தல்

வேகமாக முடிக்கும் குழுவுக்கு இதே தாளைக் கைலாயத்துக்கு நிரப்பக் கொடுக்கலாம். அதுவும் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், திபெத்தின் போன் மரபினர் என்று நான்கு தரப்புக்குப் புனிதமானது. ஆனால் அங்கே யாரும் உச்சிக்கு ஏறுவதில்லை. சுமார் 52 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். வழிப்பட்டையை நீளமாக வரைய முடியாது, வட்டமாகத்தான் வரைய வேண்டும் என்பதைக் குழு தானே கண்டுகொள்ளும். அடுத்து இன்னொன்றும் தெரியவரும். இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்ற, போன் மரபினர் இடமாகச் சுற்றுகிறார்கள். சிவனொளிபாதமலையில் எல்லாரும் ஒரே படியில் ஒரே பக்கமாக ஏறுகிறார்கள், கதைதான் வேறு. கைலாயத்தில் எதிரும் புதிருமாக நடந்து வரும் இரண்டு பேரின் உடலிலேயே வேறுபாடு தெரிகிறது. டோல்மா கணவாயின் 5,630 மீட்டர் உயரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கடந்து போகும் இடத்தை வட்டத்தில் குறித்துவிட்டு, அந்த நொடியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்ற கேள்வியைத் தாளின் ஒன்பதாம் வரியில் விடை கிடைக்காததாக எழுதி வைக்கலாம்.